பொருள்: வீட்டில் இணையம் இல்லை, 15-ஆம் தேதி சந்தா வேலை நிற்காது

வணக்கம் சரவணன் சார்,

நேற்று இரவு அடித்த மழையில் எங்கள் தாமானுக்கு வரும் சாலையோரம் ஒரு மரம் சாய்ந்து, கம்பத்தில் இருந்த ஃபைபர் கேபிளையும் அறுத்துவிட்டது. காலையில் பார்த்தால் மோடத்தில் LOS விளக்கு சிவப்பாக மின்னுகிறது. கரண்டு இருக்கிறது, லைன்தான் இல்லை. காலை 7 மணிக்கே புகார் கொடுத்துவிட்டேன். 24 மணி நேரத்துக்குள் ஆள் வரும் என்றார்கள். போன தடவையும் இதையேதான் சொன்னார்கள், வந்து சேர மூன்று நாள் ஆனது. அதனால் வெள்ளிக்கிழமை வரை லைன் வராது என்று வைத்தே திட்டம் போட்டிருக்கிறேன்.

இன்று 13, புதன். இந்த மாதத்துக்கான மூன்று நிறுவனங்களின் சேமநிதி, சொக்சோ, பிசிபி பட்டியல்களில் இரண்டை நேற்றே ஏற்றிவிட்டேன். பாக்கி இருப்பது 140 பேர் உள்ள அந்தப் பெரிய பட்டியல் மட்டும். சம்பளக் கணக்கு முடிந்துவிட்டது, சரிபார்த்து ஏற்றுவதுதான் மிச்சம். கோப்பு சிறியது, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே போதும். இந்த மின்னஞ்சலும் அதில்தான் வருகிறது.

சிக்கல் சிக்னல்தான். வீட்டுக்குப் பின்னால் முழுக்கச் செம்பனை, உள்ளே ஒரு கோடுதான் காட்டுகிறது. முன் வராந்தாவில் மூன்று வருகிறது, மேசையை அங்கே போட்டுவிட்டேன். 10 மணிக் கூட்டத்தில் கேமரா போடாமல் பேச்சில் மட்டும் கலந்துகொள்கிறேன். பக்கத்து வீட்டுச் சேவல் இடையில் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதியம் 1 மணிக்குள் பட்டியல் ஏறவில்லை என்றால் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஈப்போ புந்தோங்கில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் அதிகத் தூரமில்லை, அவர்கள் லைனும் வேறு கம்பெனி. டவுனில் மாமாக் கடை வைஃபை இருக்கிறது, ஆனால் பட்டியலில் எல்லாருடைய ஐசி எண்ணும் சம்பளமும் இருப்பதால் அங்கே திறக்க மாட்டேன். சித்தி வீட்டிலும் விபிஎன் போட்டுத்தான் வேலை.

உங்களிடம் இரண்டு கேட்க வேண்டும். மாலை 3 மணிக்குப் புதிய வாடிக்கையாளருக்குத் திரையைக் காட்டி விளக்குவதாக இருந்தோம். அது டேட்டாவைக் குடித்துவிடும், நடுவில் அறுந்தால் நமக்கும் நன்றாக இருக்காது. திங்கட்கிழமைக்கு மாற்றலாமா? அப்புறம், பணம் செலுத்தும் ஒப்புதலை வெள்ளி வரை வைக்காமல் நாளைக் காலையே கொடுத்துவிட முடியுமா? தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் வாடிக்கையாளர் தலையில் விழும்.

பட்டியல் ஏறியதும் வாட்ஸ்அப்பில் சொல்கிறேன். 1 மணிக்கு என்னிடமிருந்து செய்தி இல்லை என்றால் அழையுங்கள், சாதாரண அழைப்புக்குச் சிக்னல் தாராளமாக இருக்கிறது.

நன்றி,
மாலதி