பொருள்: புதிய கணக்கியல் மென்பொருளுக்கு ஃபயர்வாலில் 7 விதிகள், 18ஆம் தேதி காலைக்குள் தேவை

பெறுநர்: ஐடி பிரிவு, நெட்வொர்க் குழு
நகல்: நிதி இயக்குநர், தகவல் பாதுகாப்பு அலுவலர்

வணக்கம்.

கணக்குப் பிரிவின் புதிய மென்பொருள் `acct-app01` சர்வரில் நிறுவப்பட்டுவிட்டது. அதன் தரவுத்தளம் `acct-db01`-ல் இருக்கிறது. சர்வர்களுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் நன்றாக ஓடுகின்றன. ஒன்றோடு ஒன்று பேச மட்டும் வழியில்லை. எங்கள் மேசைகளிலிருந்தும் போய்ச் சேர முடியவில்லை. 18ஆம் தேதி எங்கள் பிரிவினர் 8 பேர் சோதனையைத் தொடங்குகிறார்கள். அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து புத்தகங்கள் எல்லாமே இதில்தான். அதற்காக, கீழே உள்ள 7 விதிகளை ஃபயர்வாலில் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

```
#  Source             Destination      Port
1  10.20.14.41-48     10.20.30.11      TCP 443
2  10.20.14.41-42     10.20.30.11      TCP 8443
3  10.20.30.11        10.20.40.21      TCP 1433
4  10.20.30.11        10.20.5.5        TCP 636
5  10.20.30.11        10.20.5.12       TCP 587
6  10.20.30.11        198.51.100.24    TCP 22
7  10.20.30.11        203.0.113.40     TCP 443
```

இதில் `10.20.30.11` என்பது `acct-app01`, `10.20.40.21` என்பது `acct-db01`. நம் ஃபயர்வால் இணைப்பின் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை என்பதால் பதில் திரும்பி வருவதற்குத் தனி விதி கேட்கவில்லை. இணையத்திலிருந்து உள்ளே வரும் திசையில் எதுவும் வேண்டாம். நேரத்துக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் அந்த சர்வரிலிருந்து ஏற்கெனவே வழி இருக்கிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன்.

முதலில், தடை ஃபயர்வாலில்தான் என்று எப்படி முடிவுக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன முறை ஆதாரம் இல்லாமல் கேட்டு, கடைசியில் எங்கள் பக்கம் சேவையே நின்றிருந்தது தெரிந்து நான் அசடு வழிந்தது உங்களுக்கு மறந்திருக்காது. இந்த முறை `acct-db01`-ல் தரவுத்தளச் சேவை 1433-ல் காத்திருக்கிறது என்பதை அந்த சர்வரிலேயே உறுதி செய்துகொண்டேன். அந்த சர்வரின் சொந்த விண்டோஸ் ஃபயர்வாலிலும் `10.20.30.11`-க்கு அனுமதி கொடுத்தாயிற்று. அப்புறம் `acct-app01`-லிருந்து சோதித்தபோது வந்தது இது:

```
PS> Test-NetConnection 10.20.40.21 -Port 1433
WARNING: TCP connect to (10.20.40.21 : 1433) failed
PingSucceeded    : True
TcpTestSucceeded : False
```

பிங் போகிறது, போர்ட் மட்டும் போகவில்லை. அதுவும் உடனே மறுக்கப்படவில்லை. இருபது விநாடிக்கு மேல் காத்திருந்து ஓய்ந்துபோகிறது. சேவை ஓடுவதையும் அந்த சர்வரின் சொந்த ஃபயர்வால் அனுமதிப்பதையும் ஏற்கெனவே உறுதி செய்தாயிற்று. பாக்கெட்டை நடுவில் யாரோ சத்தமில்லாமல் கீழே போடுகிறார்கள். சோதித்த நேரம் நேற்று மாலை 4.10 முதல் 4.20 வரை, உங்கள் பதிவுகளில் தேடினால் கிடைக்கும்.

இனி ஒவ்வொரு வரிக்கும் காரணம்.

வரி 1 அன்றாட வேலைக்கு. பணியாளர்கள் உலாவியில்தான் மென்பொருளைத் திறப்பார்கள். எங்கள் பிரிவின் மொத்த வலையமைப்பையும் கேட்கவில்லை. அந்த 8 கணினிகளுக்கும் டிஹெச்சிபியில் முகவரிகளை ஏற்கெனவே நீங்கள் நிலையாக ஒதுக்கித் தந்திருக்கிறீர்கள், அவை போதும். வரி 2 நிர்வாகப் பக்கத்துக்கு. பயனர் உரிமைகளை மாற்றுவதும் கணக்குக் காலத்தை மூடுவதும் அங்கேதான் என்பதால் என் கணினிக்கும் துணை மேலாளரின் கணினிக்கும் மட்டும்.

வரி 3-ஐப் பற்றிக் கொஞ்சம். தரவுத்தளம் பெயரிட்ட இன்ஸ்டன்ஸாக நிறுவப்பட்டது; அப்படி இருந்தால் ஒவ்வொரு முறை சேவை தொடங்கும்போதும் போர்ட் மாறக்கூடும், அதைக் கண்டுபிடிக்க யுடிபி 1434-ம் வேண்டியிருக்கும். மென்பொருள் நிறுவனத்தின் கையேடு இதற்காகவே 1024 முதல் 65535 வரை மொத்தமாகத் திறக்கச் சொல்கிறது. அதை அப்படியே உங்களுக்கு அனுப்பினால் என்ன பதில் வரும் என்று எனக்கே தெரியும். அதனால் அவர்களின் பொறியாளரோடு உட்கார்ந்து இன்ஸ்டன்ஸை 1433-ல் நிலைப்படுத்திவிட்டோம். 1434 தேவையில்லை. இணைப்பு முழுவதும் குறியாக்கத்தோடுதான் போகும். எங்கள் பிரிவில் ஒருவர், எக்செலிலிருந்து நேராகத் தரவுத்தளத்துக்கு இணைப்பு கிடைத்தால் அறிக்கை எடுக்க வசதியாக இருக்குமே என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் தனியாக உங்களிடம் வந்து கேட்டாலும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

வரி 4, வரி 5 இரண்டும் சிறியவை. முதலாவது, பணியாளர்கள் தங்கள் வழக்கமான அலுவலக லாகினிலேயே நுழைவதற்கு. வாசிக்கும் உரிமை மட்டும் உள்ள சேவைக் கணக்கைப் போன வாரம் நீங்களே உருவாக்கித் தந்தீர்கள். இரண்டாவது, விலைப்பட்டியலையும் நினைவூட்டல்களையும் நம் மெயில் ரிலே வழியாக அனுப்ப. வெளி மெயில் சர்வர் எதற்கும் நேரடி வழி வேண்டாம்.

வரி 6-தான் இந்த மாற்றத்தையே நாங்கள் அவசரப்படுத்துவதற்குக் காரணம். இப்போது பழைய மென்பொருள் பேமெண்ட் கோப்பை ஒருவரின் டெஸ்க்டாப்பில் இறக்குகிறது. அவர் அதைத் திறந்து தொகையைச் சரிபார்த்து, சேமித்து, வங்கியின் தளத்தில் கையால் ஏற்றுகிறார். போன மாதம் அப்படித் திறந்து சேமித்தபோது, கணக்கு எண்களின் முன்னால் இருந்த பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிட்டது. `00418…` என்று தொடங்க வேண்டியது `418…` ஆகிப் போனது. 11 சப்ளையர்களின் பணம் திரும்பி வந்தது. தவறு எங்களுடையதுதான், ஆனால் கோப்பு மனிதக் கையில் இருக்கும் வரை இது மறுபடியும் நடக்கும். தொகை மாறியிருந்தால் திரும்பிக்கூட வந்திருக்காது. புதிய ஏற்பாட்டில் இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்த பிறகு, சர்வரே மாலை 5 மணிக்கு எஸ்எஃப்டிபி வழியாக வங்கிக்கு அனுப்பும். காலை 7 மணிக்கு வங்கி அறிக்கையை எடுத்து வரும். நடுவில் யார் கையும் படாது.

இந்த வரியில் உங்களிடமிருந்து இன்னும் மூன்று தேவைகள் இருக்கின்றன.

நம்முடைய `192.0.2.18` முகவரியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே வங்கி ஏற்கும் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். எனவே `acct-app01` வெளியே போகும்போது எப்போதும் அந்த முகவரியோடு போகும்படி அமைக்க வேண்டும். பகிர்ந்த முகவரிகளில் ஏதோ ஒன்றில் போனால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. காரணம் தேடிப் பாதி நாள் போய்விடும். அடுத்தது, முதன்மை இணைய லைன் விழுந்து மாற்று லைனுக்கு மாறினால் எந்த முகவரியில் வெளியே போகும் என்று சொல்லுங்கள், அதையும் வங்கியில் பதிந்துவிடுகிறேன். அவர்களுக்கு இதற்கு ஐந்து வேலை நாள் பிடிக்கும், ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு பதில் கிடைத்தால் நல்லது. கடைசியாக, இந்த விதிக்கு மட்டுமாவது லாக் எடுப்பதை இயக்கி வையுங்கள். தணிக்கையில் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

உள்நுழைவு சாவி முறையில்தான், கடவுச்சொல் கிடையாது. எங்கள் சாவி அந்த சர்வரின் சேவைக் கணக்கைத் தாண்டி வெளியே போகாது. வங்கி சர்வரின் சாவித் தடத்தைத் தொலைபேசியில் அவர்களிடம் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து ஒப்பிட்டுக்கொண்டேன்.

வரி 7 உரிமச் சரிபார்ப்புக்கு. மென்பொருள் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை தன் நிறுவனத்தின் சர்வரைக் கேட்கும். தொடர்ந்து 7 நாள் பதில் வராவிட்டால் பதிவுகளைப் பார்க்கலாம், எதுவும் போட முடியாது. மாதக் கடைசியில் அப்படி ஆனால் எங்கள் கதி என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு முகவரிக்கு நம்முடைய எஸ்எஸ்எல் ஆய்விலிருந்து விலக்கு வேண்டும்: மென்பொருள் தன் நிறுவனத்தின் சான்றிதழைத் தவிர வேறெதையும் நம்பாது, நடுவில் நம் ஃபயர்வால் தன் சான்றிதழை நீட்டினால் இணைப்பைத் துண்டித்துவிடும். முகவரி நிலையானது என்றும், மாற்றினால் 30 நாள் முன்பே சொல்வோம் என்றும் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன், நகலை இணைத்திருக்கிறேன்.

அந்த நிறுவனம் இன்னொன்றும் கேட்டது. உதவிக்கு வர வசதியாக 3389-ஐ இணையத்திலிருந்து `acct-app01`-க்குத் திறந்து வைக்க வேண்டுமாம். அதை இந்தக் கோரிக்கையில் சேர்க்கவில்லை, சேர்க்கப் போவதும் இல்லை. தேவைப்படும் அன்று உங்கள் வழக்கப்படி விபிஎன் கணக்கு ஒன்றை ஒரு நாளுக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

நேரத்தைப் பொறுத்தவரை, 16ஆம் தேதி இரவு உங்கள் பராமரிப்பு நேரத்தில் செய்தால் 17ஆம் தேதி எங்களுக்குச் சோதிக்க ஒரு நாள் கிடைக்கும். அது முடியாவிட்டால் 17 இரவும் சரிதான். எல்லாம் ஒரே இரவில் நடக்காது என்றால் முதலில் 1, 3, 4 வரிகளைச் செய்துவிடுங்கள். அவை இருந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடுவோம். 6-ம் 7-ம் 25ஆம் தேதி வரை பொறுக்கலாம். முடிந்ததும் ஒரு வரி மெயில் போடுங்கள், ஒவ்வொரு போர்ட்டையும் மேலே உள்ளது போலவே சோதித்து அன்றே பதில் அனுப்புகிறேன். திறந்த பிறகு வேறு எதற்காவது இடைஞ்சல் தெரிந்தால் எங்களைக் கேட்காமலே மூடிவிடலாம். இந்த மாதக் கடைசி வரை பழைய மென்பொருளும் கூடவே ஓடும் என்பதால் வேலை நிற்காது.

பழையது என்றதும் நினைவுக்கு வருகிறது. `10.20.14.0/24`-லிருந்து `10.20.8.15`-க்கு டிசிபி 445 அதற்காகத் திறந்திருக்கிறது, எங்கள் பிரிவின் எல்லாக் கணினிகளுக்கும். அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை மட்டும் இருக்கட்டும், அதற்குள் மாத முடிப்பு ஆகிவிடும். 11ஆம் தேதி அதை மூடச் சொல்லி நானே தனிக் கோரிக்கை போடுகிறேன். நான் மறந்துவிட்டால் இந்த மெயிலைக் காட்டி மூடிவிடுங்கள்.

நிதி இயக்குநரின் ஒப்புதலும் சர்வர்களின் வரைபடமும் இணைப்பில் உள்ளன. பாதுகாப்பு அலுவலருக்குக் கேள்வி இருந்தால் நாளை மதியம் 2 மணிக்கு மேல் என் மேசையில்தான் இருப்பேன், உள் எண் 214.

நன்றி.

கணக்குப் பிரிவு மேலாளர்