என்னைப் பற்றி: பனியன் துணிச் சாயம், திருப்பூர்

பருத்திப் பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுவது என் தொழில். பதினேழு ஆண்டுகளில் லேப், ஷிஃப்ட், பையிங் ஆபீஸ், இப்போது பிராசஸ் என்று உட்காரும் இடம் மாறியிருக்கிறது. என்னிடம் வரும் கேள்வி மாறவில்லை: லேபில் அப்ரூவல் வாங்கிய ஷேடு பல்க்கில் ஏன் வரவில்லை? எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்பது கீழே பணி அனுபவத்தில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு இடமும் கற்றுக்கொடுத்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

லேபில் கற்றது பிப்பெட்டின் அருமை. 5 கிராம் துணிக்கு 2 சதவீத ஷேடு என்றால் 0.1 கிராம் சாயம். 1 சதவீதக் கரைசலில் 10 மில்லி. ஒரு சொட்டு கூடினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதே துணிக்கு 0.1 சதவீத வெளிர் ஷேடு என்றால் அரை மில்லிதான். அதில் ஒரு சொட்டு கூடினால் பத்து சதவீதம் தப்பு. வெளிர் ஷேடுக்கு 0.1 சதவீதக் கரைசலைத் தனியாகப் போட்டு 5 மில்லி எடுக்கச் சொல்வது இதனால்தான். லேப் டிப்புக்குப் பல்க் லைனில் வரும் தண்ணீரையும், அதே லாட்டில் பிளீச் ஆன துணியையும் எடுக்க வேண்டும். சுத்தமான தண்ணீரில், வேறு நூலில் போட்ட டிப் பார்க்க அழகாக இருக்கும், மெஷினுக்கு உதவாது.

ஷிஃப்டுக்கு வந்த பிறகுதான் தண்ணீர்க் கணக்கு புரிந்தது. 600 கிலோ துணி, 1:6 என்றால் 3,600 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 216 கிலோ, 20 கிராம் சோடா என்றால் 72 கிலோ. இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் பிளீச் முடிந்து டிரெயின் விட்ட துணி காய்ந்து கிடப்பதில்லை. தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு தண்ணீரை உள்ளே வைத்திருக்கிறது. அதுவே 1,500 லிட்டர். அதைக் கழிக்காமல் மீட்டரில் 3,600 லிட்டர் முழுசாக விட்டால் பாத் 5,100 லிட்டர் ஆகிவிடும். 60 கிராம் உப்பு 42 ஆக இறங்கும், 20 கிராம் சோடா 14 ஆகும். சாயம் துணிக்கு ஏறாமல் தண்ணீரிலேயே நிற்கும், ஷேடு வெளிறும். உடனே எல்லோரும் ரெசிபியைச் சந்தேகிப்பார்கள், அடிஷன் போடுவார்கள். அடுத்த ஷிஃப்டில் வேறு ஆபரேட்டர் சரியாகத் தண்ணீர் விட்டால் அந்தத் திருத்திய ரெசிபி டார்க் அடிக்கும். ஒரே ஆர்டரில் லாட்டுக்கு லாட் ஷேடு மாறுகிறது என்றால் முதலில் நான் கேட்பது பாத் அளவைத்தான்.

இரண்டாவது, பிளீச்சில் மிச்சமாகும் பெராக்சைடு. டிரெயின் தண்ணீரில் டெஸ்ட் ஸ்ட்ரிப் நனைத்து 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். துணியைப் பிழிந்து வரும் தண்ணீரில் பார்க்க வேண்டும்; பெராக்சைடு ஒளிந்திருப்பது அங்கேதான். பி.எச். விஷயமும் இப்படியே. பாத் 7 காட்டும். துணியை வெட்டி வெட்டுமுனையில் இண்டிகேட்டர் ஒரு சொட்டு விட்டால் நீலம் ஏறும். நூலுக்குள் காஸ்டிக் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் சாயம் விட்டால், உப்பில் பரவி ஏற வேண்டிய சாயம் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். விளைவு திட்டுத்திட்டான துணி. திட்டு விழுந்த துணியை ஸ்ட்ரிப் செய்து மறுபடி சாயம் ஏற்றினால், தண்ணீர், நீராவி, நேரம் எல்லாம் இரண்டாவது தடவை செலவாகும். துணியின் வலுவும் குறையும்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாய ஆலைகள் மூடப்பட்டன. எங்கள் தலைமுறைக்கு உப்பைப் பற்றிய பார்வையே அதன்பிறகு மாறியது. அந்த 216 கிலோவில் ஒரு கிலோகூடத் துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணிக்குத் தள்ளிவிட்டு அப்படியே கழிவுநீரில் போகிறது. ஒரு மெஷின், ஒரு லாட் கணக்கு இது. நொய்யலுக்கு என்ன ஆனது என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கழிவுநீர் ஆர்.ஓ. வழியாகத் தண்ணீராகவும், சோடியம் சல்ஃபேட் பிரைனாகவும் திரும்பி வருகிறது. நான் அதிகம் உழைத்தது இந்தப் பிரைனைச் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறையில்தான். பிரைனில் லிட்டருக்கு 100 கிராம் உப்பு என்றால், மேலே சொன்ன லாட்டுக்கு 2,160 லிட்டர் தேவை. துணியில் ஏற்கெனவே 1,500 லிட்டர். இரண்டும் சேர்ந்தால் 3,660. சாயம் கரைக்கவே இடமில்லை. ஆகவே டார்க் ஷேடுக்குப் பிரைனோடு திட உப்பும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், மீடியம் ஷேடுக்குப் பிரைன் மட்டும் போதும். ஹைட்ரோமீட்டர் அளவைப் பிரைன் ஆறிய பிறகு எடுக்க வேண்டும். சூட்டில் எடுத்தால் அடர்த்தி குறைவாகக் காட்டும், உப்பு கூடிப்போகும். டேங்குக்கு டேங்கு கடினத்தன்மையும் நிறமும் பார்க்காமல் வெளிர் ஷேடுக்கு விடக் கூடாது.

நடுவில் மூன்று ஆண்டு பையிங் ஆபீஸில் துணி அப்ரூவல் பார்த்தேன். சாய ஆலைக்காரர்கள் கோபப்படும் ரிஜெக்‌ஷன்களில் பாதிக்கு மேல் துணி காட்டிய விதத்தால் வந்தவை என்பது அங்கே தெரிந்தது. டிரையரிலிருந்து சூடாக வெட்டிய துணி, ஒற்றை மடிப்பு, ட்யூப்லைட் வெளிச்சம். ஆறவைத்து, நான்காக மடித்து, லைட் பாக்ஸில் டி65, டிஎல்84 இரண்டிலும் பார்த்துவிட்டு அனுப்பினால் பல வாக்குவாதங்கள் எழவே எழாது. ஒரு விளக்கில் பொருந்தி மற்றதில் விலகினால் அது ரெசிபியில் சாயச் சேர்க்கை மாறியதன் அடையாளம். அடிஷன் போட்டுச் சரிசெய்ய முடியாது.

இப்போது பிராசஸ் பொறுப்பில் சாயத்தைவிடக் கழுவலுக்கு நேரம் கொடுக்கிறேன். சோப்பிங் 95 டிகிரியில் போட்டும் ஈரத் தேய்ப்பில் சாயம் இறங்குகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு முன் உப்பு கழுவப்படவில்லை. லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே வராமல் சோப்புக்குப் போகக் கூடாது. உப்பு இருக்கும்வரை ஒட்டாத சாயம் துணியை விட்டு வெளியே வராது. சோப்பு அளவைக் கூட்டிப் பயனில்லை.

புதிதாக லேபுக்கு வரும் தம்பி தங்கைகள், ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள், மெர்சன்டைசர்கள் தயங்காமல் எழுதுங்கள். ஷேடு பிரச்சினை என்றால் லாட் கார்டு, துணி எடை, விட்ட தண்ணீர், சாயம் விடும் முன் எடுத்த பி.எச்., பெராக்சைடு அளவு, பிரைன் டேங்க் ரிப்போர்ட் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். போட்டோ மட்டும் வேண்டாம், போனில் நிறம் சரியாகத் தெரியாது. ஷிஃப்ட் மாறிய பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல் பதில் போடுகிறேன்.