பொருள்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அக்கவுண்ட்ஸ் வேலை கேட்டு – 400 மீட்டர் தடை ஓட்ட வீராங்கனை

வணக்கம் சார்,

என் பெயர் கவிதா, ஊர் சிங்காநல்லூர். பி.காம். முடித்திருக்கிறேன், 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடுகிறேன். உங்கள் கம்பெனியில் வாலிபால் ஆடுகிறவர்கள் ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு பயிற்சிக்கும் போய்வருவதாக எங்கள் கோச் சொன்னார். அதே ஏற்பாட்டில் தடகளத்துக்கும் ஒரு இடம் தர முடியுமா?

2023-ல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டியில் பாரதியார் பல்கலைக்கழகத்துக்காக ஓடி இறுதிச்சுற்று வரை போனேன், நேரம் 62.90 வினாடி. அடுத்த வருடம் மாநில சாம்பியன்ஷிப்பில் 61.38, வெள்ளிப் பதக்கம். அப்போது நான் வேலைக்குப் போகவில்லை, காலை மாலை இரண்டு வேளையும் நேரு ஸ்டேடியத்தில்தான் இருப்பேன். அப்புறம் வீட்டு நிலைமைக்காக ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் சேர்ந்தேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதாகிவிடும், பெரும்பாலும் நின்றபடியே வேலை, அதனால் மாலைப் பயிற்சி அடியோடு போய்விட்டது. இந்த வருடம் என்னுடைய சிறந்த நேரம் 61.95.

அந்த அரை வினாடி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். மொத்தம் பத்து தடை, இடையில் 35 மீட்டர். ஆறாவது தடை வரை ஒவ்வொரு இடைவெளியையும் 17 ஸ்ட்ரைடில் சரியாகக் கடக்கிறேன், அதற்குமேல் கால் கனத்து 19 ஆகிவிடுகிறது. எட்டாவது தடை வரைக்கும் 17-ஐப் பிடித்துவிட்டால் 60 வினாடிக்குள் வர முடியும் என்பது கோச்சின் கணக்கு, எனக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது. அதற்கு மாலையில் தடை வைத்து ஓட வேண்டும், காலையில் ஜிம், நடுவில் காலுக்கு ஓய்வு. இப்போதைய வேலையில் இதில் பாதிகூட நடக்காது.

நான் கேட்பது இதுதான். காலை பத்து முதல் மாலை நான்கு வரை வேலை, போட்டிக்கும் கேம்ப்புக்கும் போகும் நாட்களுக்கு ஆன் டியூட்டி. நேரம் குறைவதற்கு ஏற்றபடி சம்பளத்தை நீங்களே முடிவு செய்யலாம், ஷூவுக்கும் பயணத்துக்கும் தனியாக ஏதாவது உதவி கிடைத்தால் பெரிய விஷயம். டேலி நன்றாகத் தெரியும், ஜிஎஸ்டி பில் போடுவது தினமும் செய்கிற வேலை, உட்காரும் நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவேன். போட்டி விதி அனுமதிக்கிற இடங்களில் எல்லாம் கம்பெனி பெயர் போட்ட ஜெர்சியில் ஓடுவேன், ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ரிசல்ட் ஷீட்டை உங்களுக்கு அனுப்பிவைப்பேன்.

ரயில்வே, போலீஸ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் தேசிய அளவில் இடம் பிடித்தவர்களோடு அங்கே போட்டி போட என் நேரம் இன்னும் இறங்க வேண்டும். உங்களிடம் வேலை கிடைத்தால் இரண்டு வருடமாவது கண்டிப்பாக இருப்பேன், எழுதிக் கொடுக்கவும் தயார்.

படிவம் 3 சான்றிதழ், மாநிலப் போட்டி சான்றிதழ், டிகிரி, கோச் கொடுத்த கடிதம் எல்லாம் இணைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை, அன்று எந்த நேரம் என்றாலும் நேரில் வருகிறேன். மற்ற நாள் என்றால் முந்தின நாளே இந்த மெயிலில் சொல்லிவிடுங்கள் சார், கடையில் அனுமதி வாங்க வேண்டும்.

நன்றி,
கவிதா