ஏற்காடு மலைப்பகுதிக்கான வழக்கமான நோய்க் கண்காணிப்பு அமைப்பு: வடிவமைப்புக் குறிப்பு

வட்டார ஆய்வுக் கூட்டத்தில் மருத்துவ அலுவலர்கள், சுகாதார ஆய்வாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் ஆகியோரின் பரிசீலனைக்காக இக்குறிப்பு வைக்கப்படுகிறது. சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலும் காபித் தோட்டங்களின் லைன் வீடுகளிலும் வாழும் மக்களிடையே பரவக்கூடிய நோய்களை ஆண்டு முழுவதும் கவனித்து வருவதற்கான ஏற்பாட்டை இது விவரிக்கிறது.

எந்தத் தகவல் வந்தால் நாம் என்ன செய்வோம் என்பதிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலையில் நமக்கு மூன்று வகை முடிவுகள் தேவைப்படுகின்றன. குடிநீர்த் தொட்டியில் குளோரின் இடவும் கொசுப்புழு ஒழிக்கவும் இந்த வாரம் எந்தச் சிற்றூருக்கு ஆட்களை அனுப்புவது என்பது முதலாவது. இந்தப் பருவத்தில் எந்தக் காய்ச்சல் ஓங்கி நிற்கிறது, அதற்கேற்ப மருத்துவர்கள் எந்தச் சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கலாம் என்பது இரண்டாவது. ஒரு நோய் உண்மையிலேயே இங்கு இல்லையா, அல்லது நம் கண்ணில் படவில்லையா என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் ஒரே முறை விடை தராது. பாசிவ், ஆக்டிவ், சென்டினல் ஆகிய மூன்று முறைகளையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் உரிய வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

கண்காணிப்புக்கு எடுத்துக்கொள்ளும் நோய்களின் பட்டியல் வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்பட்டுள்ளது: வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டெங்கு, மலேரியா, ஸ்க்ரப் டைபஸ், தடிப்புடன் கூடிய காய்ச்சல், பதினைந்து வயதுக்குட்பட்டோரின் திடீர்த் தளர்வாதம், காரணம் தெரியாத காய்ச்சல். பட்டியல் நீளும்போது படிவம் நிரப்புவோரின் கவனம் சிதறும்; அதன் விளைவை எண்களின் தரத்தில் காண்போம்.

பாசிவ் முறை

நோயாளி தானாக மருத்துவமனைக்கு வருகிறார், அங்குள்ளவர்கள் பதிவு செய்து மேலே அனுப்புகிறார்கள் என்பதே பாசிவ் முறை. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் முதுகெலும்பு இதுவே. அறிகுறிகளைக் கொண்டு களப்பணியாளர் நிரப்பும் எஸ் படிவம், மருத்துவர் நிரப்பும் பி படிவம், ஆய்வகம் நிரப்பும் எல் படிவம் என மூன்று நிலைகளில் தகவல் திரட்டப்பட்டது. 2021 முதல் நாடு முழுவதும் இது ஐ.எச்.ஐ.பி. இணையதளம் வழியாகச் செல்கிறது.

இதன் பெரும்பலம் தொடர்ச்சி. கூடுதல் ஆளோ வண்டியோ கேட்காமல், ஆண்டின் எல்லா வாரங்களிலும், எல்லா நிலையங்களிலிருந்தும் இது தகவல் தருகிறது. சில ஆண்டுகள் சேர்ந்துவிட்டால் இந்த வாரத்தின் எண்ணிக்கை வழக்கமானதா, மிகையானதா என்று சொல்லும் அடிப்படை அளவுகோலை இதைத் தவிர வேறெந்த முறையும் தர முடியாது.

அதன் குறையோ மலையில் இரட்டிப்பாகிறது. காய்ச்சலோடு வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதைவிட, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்வதே அதிகம். நோய் முற்றினால் அவர் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். அங்கு அவர் முகவரி வெறும் “ஏற்காடு” என்று பதிவாகிறது. நாகலூரா, வாழவந்தியா, மாரமங்கலமா என்பது தெரிவதில்லை. நோய் மலையில் தோன்ற, எண்ணிக்கை நகரத்துக் கணக்கில் ஏறுகிறது. எனவே இங்கு குறைவான எண்ணிக்கை குறைவான நோய்க்குச் சான்றாகாது.

இதைச் சரிசெய்ய இரண்டு மாற்றங்கள் முன்மொழியப்படுகின்றன. ஒன்று, நோயாளி யாரும் இல்லாத வாரத்திலும் “பூஜ்யம்” என்று கட்டாயம் பதிவு செய்வது. அறிக்கை வராததும் நோயாளி இல்லாததும் இன்று பட்டியலில் ஒரே வெற்றிடமாகத் தெரிகின்றன. இந்த மயக்கத்தை நீக்குவதைவிடச் செலவு குறைந்த சீர்திருத்தம் வேறில்லை. இரண்டு, நோயாளி தங்கியிருக்கும் சிற்றூரின் பெயரை எல்லாப் பதிவிலும் சேர்ப்பது. அறிக்கை வந்து சேர்ந்த விகிதமும், உரிய நாளுக்குள் வந்த விகிதமும் தனித்தனியே கணக்கிடப்படும். எல்லா அறிக்கைகளும் வந்தும் காலந்தாழ்ந்து வந்தால் குளோரின் இடும் முடிவுக்கு அவை பயன்படா.

ஆக்டிவ் முறை

இங்கு பணியாளரே நோயைத் தேடிச் செல்கிறார். வீடுவீடாகக் காய்ச்சல் விசாரித்து இரத்தத் தடவல் எடுப்பது ஒரு வடிவம். மருத்துவமனைகளுக்குக் குறித்த நாளில் சென்று பதிவேடுகளைப் புரட்டி, விடுபட்டவர்களைக் கண்டுபிடிப்பது இன்னொரு வடிவம். இரண்டாவது வடிவம் பலராலும் மறக்கப்படுகிறது; குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தருவது அதுதான்.

இம்முறையின் ஆற்றலுக்கு நம் நாட்டிலேயே இரு பெரும் சான்றுகள் உள்ளன. 1973-இல் பெரியம்மை நோயாளிகளைத் தேடி வீடுவீடாகச் சென்றபோது, வழக்கமான அறிக்கைகளில் இடம்பெறாத ஆயிரக்கணக்கானோர் வெளிப்பட்டனர். அந்தத் தேடலே 1975-இல் நோயின் முடிவுக்கு வழிவகுத்தது. போலியோவிலும் தளர்வாதம் கண்ட குழந்தைகள் அனைவரையும் தேடி, பாதிப்பு தொடங்கிய பதினான்கு நாட்களுக்குள், குறைந்தது 24 மணிநேர இடைவெளியில் இரண்டு மலமாதிரிகள் எடுக்கப்படுகின்றன. பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் போலியோ அல்லாத தளர்வாதம் ஆண்டுக்கு ஒன்றேனும் பதிவாக வேண்டும் என்ற உலகளாவிய குறைந்தபட்ச அளவு, தேடல் உண்மையாக நடக்கிறதா என்பதைக் காட்டும் சோதனை. “இங்கு நோய் இல்லை” என்று நெஞ்சுயர்த்திச் சொல்லும் தகுதியை ஆக்டிவ் முறையே தருகிறது.

விலை பெரிது. 4,000 வீடுகள் கொண்ட பகுதியில் ஒருவர் நாளொன்றுக்கு 40 வீடுகள் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே ஒரு சுற்றுக்கு 100 ஆள்நாட்கள் தேவை. மலையில் வீடுகள் சிதறிக் கிடப்பதால் 40 என்பதே தாராளமான மதிப்பீடு. அந்த நாட்கள் தடுப்பூசிப் பணியிலிருந்தும் கர்ப்பிணிகள் கவனிப்பிலிருந்தும் எடுக்கப்படுபவை. இதை நாம் மறைக்கக் கூடாது. மற்றோர் ஆபத்தும் உண்டு: தேடல் கூடும்போது நோயாளி எண்ணிக்கையும் கூடும், அது நோய் பரவியதாகத் தவறாகப் படிக்கப்படும். ஆகவே தேடலில் கண்டறிந்தவர்கள் தனி நிரலில், பார்த்த வீடுகளின் எண்ணிக்கையோடு சேர்த்தே எழுதப்படுவார்கள்.

ஆண்டு முழுவதற்குமான வீடுதேடல் இங்கு முன்மொழியப்படவில்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களிலும், வெளியூர்க் கூட்டம் மிகும் மே மாதத்திலும் தெரிவு செய்த சிற்றூர்களில் தேடல் நடக்கும். இவற்றுக்கு வெளியே, ஒரே சிற்றூரில் ஏழு நாட்களுக்குள் ஐந்து காய்ச்சலோ மூன்று வயிற்றுப்போக்கோ பதிவானால் 48 மணிநேரத்துக்குள் குழு செல்லும். தளர்வாதமோ தட்டம்மை ஐயமோ இருந்தால் ஒரே ஒரு நோயாளி போதும்.

சென்டினல் முறை

எல்லா இடங்களிலிருந்தும் கொஞ்சம் தெரிந்துகொள்வதற்குப் பதிலாக, தெரிவு செய்த சில மையங்களிலிருந்து ஆழமாகத் தெரிந்துகொள்வது சென்டினல் முறை. கர்ப்பிணிகள் வரும் மையங்களைக் கொண்டு எச்.ஐ.வி. பரவலின் போக்கை நாடு கவனித்து வருவது இவ்வகையே.

நமக்கு இது இன்றியமையாதது; ஏனெனில் டெங்கு, ஸ்க்ரப் டைபஸ், மலேரியா ஆகியவை முதல் சில நாட்களில் படுக்கையருகே பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாதவை. ஸ்க்ரப் டைபஸில் உண்ணிப்புழு கடித்த இடத்தில் வரும் கருந்தழும்பு எல்லோரிடமும் இருப்பதில்லை. இருந்தாலும் அக்குளிலும் இடுப்பிலும் மறைந்துவிடும். டாக்சிசைக்ளின் உரிய நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலோர் விரைவில் தேறுகிறார்கள். தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன. எந்தப் பருவத்தில் இதை முதலில் நினைக்க வேண்டும் என்பதை ஆய்வகம் இணைந்த கண்காணிப்புதான் மருத்துவருக்குச் சொல்ல முடியும்.

ஏற்காடு அரசு மருத்துவமனை, அடிவாரத்திலுள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகிய மூன்றும் மையங்களாக முன்மொழியப்படுகின்றன. செவ்வாய், வெள்ளி ஆகிய நாட்களில் வரும் முதல் ஐந்து காய்ச்சல் நோயாளிகளிடமிருந்து, ஒப்புதலுடன், மாதிரி எடுக்கப்படும். யாரை எடுப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டால் கடுமையான நோயாளிகளே சேர்வார்கள். எனவே வரிசை முறை மீறப்படக் கூடாது. காய்ச்சல் தொடங்கி ஐந்து நாட்களுக்குள் என்றால் டெங்குவுக்கு என்.எஸ்.1, அதற்குப்பின் ஐ.ஜி.எம். எலிசா சோதனை. மாதிரிகளுக்குத் தனிக் குளிர்ப்பெட்டி வாங்க வேண்டும். தடுப்பூசிப் பெட்டியில் இரத்த மாதிரியை ஏற்றுவது எந்த அவசரத்திலும் அனுமதிக்கப்படாது.

இம்முறையின் எல்லையைக் கண்டிப்பாக மதிக்க வேண்டும். மையத்துக்கு வருவோர் மொத்த மக்களின் பிரதிநிதிகள் அல்லர். எனவே இந்த எண்களைக் கொண்டு “லட்சத்துக்கு இத்தனை பேர்” என்று எந்த அறிக்கையிலும் எழுதக் கூடாது. சோதித்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர், வாரவாரம் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே இதன் மொழி. மையத்துக்கு வெளியே தோன்றும் அரிய நோயை இது காணாது. ஆர்வமுள்ள மருத்துவர் ஒருவர் மாறுதலாகிப் போனால் போக்கே உடைந்துவிடும் அபாயமும் உண்டு. அதனால் மையம் ஒவ்வொன்றிலும் இருவர் பயிற்சி பெறுவர்.

இணைப்பும் மதிப்பீடும்

பாசிவ் முறை அடித்தளம், ஆக்டிவ் முறை பருவத்துக்கும் எச்சரிக்கைக்கும் உரியது, சென்டினல் முறை நோயின் பெயரை உறுதிப்படுத்துவது என்பதே பணிப்பகிர்வு. ஒவ்வொரு திங்களன்றும் முந்தைய வாரத்தின் எண்ணிக்கை, கடந்த ஐந்தாண்டுகளின் அதே வாரத்தோடும் அதன் முன்பின் வாரங்களோடும் ஒப்பிடப்படும். அதன் முடிவு ஒரே பக்கத்தில், சிற்றூர் வரைபடத்துடன், தகவல் அனுப்பிய செவிலியர்களுக்கே புதன்கிழமைக்குள் திரும்பிச் செல்லும். தாம் அனுப்பிய எண் என்னவாயிற்று என்று அறியாதவர் நெடுநாள் அனுப்பமாட்டார்; இந்த ஒரு பக்கத்தை நான் அமைப்பின் உயிராகவே கருதுகிறேன். அதில் நோயாளியின் பெயர் இராது.

எத்தனை பேரைத் தவறவிடுகிறோம் என்பதை ஆண்டுக்கொரு முறை இரு பட்டியல்களைப் பொருத்தி மதிப்பிடலாம்:

```
N = (n1 + 1)(n2 + 1) / (m + 1) - 1
```

இதில் n1 பாசிவ் பட்டியலில் உள்ளோர், n2 ஆக்டிவ் தேடலில் கண்டறிந்தோர், m இரண்டிலும் உள்ளோர், N மதிப்பிடப்படும் மொத்த நோயாளிகள். எடுத்துக்காட்டாக, பாசிவ் பட்டியலில் 40 பேர், ஆக்டிவ் தேடலில் 30 பேர், இரண்டிலும் உள்ளோர் 20 பேர் என்றால், மொத்தம் ஏறத்தாழ 60 என்று வருகிறது. அப்படியானால் பாசிவ் முறை மூன்றில் இரு பங்கினரையே கண்டுள்ளது. இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் இக்கணக்கு சரியாகும். பாசிவ் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடினால் இரண்டிலும் உள்ளோரின் எண்ணிக்கை வீங்கி, நாம் நல்லவிதமாகச் செயல்படுவதாகப் பொய்த்தோற்றம் எழும். எனவே தேடச் செல்லும் குழுவிடம் அப்பட்டியல் முன்னதாகத் தரப்படாது.

பூஜ்ய அறிக்கையும் சிற்றூர்ப் பெயர்ப் பதிவும் ஜூலை முதல் வாரத்திலும், சென்டினல் மாதிரி எடுப்பு ஆகஸ்டிலும், முதல் பருவத் தேடல் அக்டோபரிலும் தொடங்க ஒப்புதல் கோரப்படுகிறது. குளிர்ப்பெட்டி கிடைக்கத் தாமதமானால் சென்டினல் பணி மட்டும் தள்ளிப்போகும். மற்றவை காத்திருக்க வேண்டியதில்லை.