நம்ம சொந்தங்கள் எல்லாருக்கும்

பெரியப்பா, பெரியம்மா, மாமா, அத்தை, சித்தி, சித்தப்பா, அண்ணன் தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க.

இன்னைக்கு ராத்திரி நான் இந்தக் குரூப்லேருந்து விலகிக்கிறேன். யார் மேலயும் எனக்கு எந்த வருத்தமும் இல்லீங்க. இப்பல்லாம் சொல்லாம விலகினா அட்மினுக்கு மட்டும்தான் காட்டும். அப்படிப் போக மனசு வரலை. நம்ம வீட்டுல "போயிட்டு வர்றேன்"னு சொல்லிட்டுத்தானே படி இறங்குவோம்.

அக்கா கல்யாணத்துக்காக 2019ல ஆரம்பிச்ச குரூப் இது. அடுத்த வருசம் ஊரடங்குல நான் ஹாஸ்டல்ல தனியா கிடந்தப்ப, உங்க குரலைக் கேட்டுத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். அதை மறக்க மாட்டேன்.

காரணத்தைச் சொல்லிடறேன். மூணு மாசமா எனக்கு நைட் டூட்டி. காலைல வந்து படுத்தா சாயங்காலம்தான் போனைப் பார்ப்பேன். போன மாசம் அத்தை வழுக்கி விழுந்து கை உடைஞ்ச அன்னைக்கு, மாமா காலைலயே இங்க போட்டிருக்காங்க. நான் எழுந்தப்ப 137 மெசேஜ். குட்மார்னிங் படம், பேரன் ஆட்டம், தேர்தல் பேச்சு, இதுக்கு நடுவுல அந்த ஒரு வரி. மறுநாள்தான் கண்ணுல பட்டுச்சு. போன் பண்ணினா, "நர்ஸ் வேலை பாக்கற கண்ணு, நீயாச்சும் ஒரு வார்த்தை கேப்பேன்னு இருந்தேன்"னாங்க அத்தை. அந்தக் குரல் இன்னும் என்னை விடலை. ம்யூட்ல போட்டிருந்ததாலதான் தவறிப்போச்சு, அதனால அதுவும் வழியில்லை.

யாரும் எதையும் நிறுத்த வேண்டாம். சிரிப்பும் படமும் இருந்தாத்தான் இது நம்ம குரூப். எனக்குத்தான் இப்ப நேரம் ஒத்துவரலை.

அவசரம்னா நேரா கூப்பிடுங்க, பகல்னாலும் சரி. முதல் தடவை எடுக்கலைன்னா உடனே இன்னொரு தடவை அடிங்க. ரெண்டாவது அழைப்புக்கு மணி அடிக்கிற மாதிரி போனை வச்சிருக்கேன். குலதெய்வம் கோயில் செலவுல என் பங்கு எவ்வளவுன்னு தம்பிகிட்டச் சொன்னாப் போதும், அன்னைக்கே அனுப்பிடறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருத்தருக்கா நான் கூப்பிடறேன்.

பெரியப்பா, நீங்க தினமும் போடற குறளை எனக்குத் தனியா அனுப்புங்க, அது இல்லாம எனக்கு முடியாது. பாசத்துல என்னைத் திரும்பச் சேர்த்துடாதீங்க, டூட்டி மாறினதும் நானே கேட்டு வந்துடறேன். சித்தி, உங்க புளிக்குழம்பு வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டேன்.

அத்தை, மாவுக்கட்டுப் பிரிக்கற அன்னைக்கு லீவு சொல்லிட்டேன். முதல் பஸ்ஸுக்கே பொள்ளாச்சி வந்துடுவேன். ஆஸ்பத்திரிக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்.