மலைப்பூண்டுக் குழம்பு: அளவும் வரிசையும் திருத்தியது

முதலில் எழுதிய குறிப்பில் வெந்தயம் பொரிந்த பிறகுதான் 'புளியை ஊற வைக்கவும்' என்று வரும். மதுரையிலிருக்கும் நாத்தனார் அதை அப்படியே பார்த்துச் செய்ய, புளி ஊறுவதற்குள் வெந்தயம் கருகிக் குழம்பு கசந்துவிட்டது. 'கொஞ்சம் பூண்டு', 'தேவையான புளி' என்று எழுதியதும் அவருக்கு உதவவில்லை. அதனால் இந்த முறை கொடைக்கானல் வீட்டு அடுப்பில் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து எழுதினேன்.

நான்கு பேருக்கு

உரித்த மலைப்பூண்டு 150 கிராம்
சின்ன வெங்காயம் 100 கிராம்
தக்காளி 100 கிராம்
புளி 25 கிராம்
நல்லெண்ணெய் 60 மில்லி
மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 3, மஞ்சள்தூள் ¼
கடுகு ½ தேக்கரண்டி, வெந்தயம் ¼
கல் உப்பு 1½ தேக்கரண்டி, வெல்லம் 5 கிராம்
கறிவேப்பிலை ஒரு கொத்து
தண்ணீர் 500 மில்லி

கரண்டி அளவெல்லாம் தலைதட்டி.

செய்முறை

1. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே 250 மில்லி வெந்நீரில் புளியை 20 நிமிடம் ஊற வையுங்கள். அதற்குள் வெங்காயத்தை உரித்து, தக்காளியைப் பொடியாக நறுக்கிவிடலாம். பிறகு புளியைக் கரைத்து வடிகட்டுங்கள்.

2. கனமான சட்டியில் எண்ணெயைக் காயவைத்துக் கடுகு போடுங்கள். அது வெடித்து அடங்கியதும் தீயைக் குறைத்து வெந்தயம். பொன்னிறமான உடனே கறிவேப்பிலையும் பூண்டும் போட்டுவிடுங்கள். இங்கே தாமதித்தால்தான் கசப்பு.

3. பூண்டைச் சிறு தீயில் 8 நிமிடம் வதக்குங்கள். அவசரப்பட வேண்டாம். மலைப்பூண்டுக்குக் காரமும் வாசனையும் அதிகம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. மேல்தோலில் லேசாகச் சுருக்கம் விழுந்து ஓரம் சிவந்தால்தான் அந்தக் காரம் இனிப்பாக மாறும். பூண்டு கருகினால் குழம்பைக் காப்பாற்ற வழியில்லை.

4. வெங்காயம் சேர்த்து 5 நிமிடம், அப்புறம் தக்காளியும் உப்பும் சேர்த்துக் குழையும்வரை வதக்குங்கள்.

5. தீயை நன்றாகத் தணித்து மூன்று தூள்களையும் போட்டு அரை நிமிடம் மட்டும் கிளறுங்கள். உடனே புளிக்கரைசலையும் மீதி 250 மில்லி தண்ணீரையும் ஊற்றுங்கள்.

6. கொதி வந்ததும் மூடாமல் மிதமான தீயில் வையுங்கள். மதுரையில் 20 நிமிடம் போதும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பூண்டு வேக நேரம் பிடிக்கும். எனக்கு 30 நிமிடம் ஆனது. அதற்குள் வற்றினால் 50 மில்லி வெந்நீர் விடலாம். கடிகாரத்தைவிடப் பூண்டை நம்புங்கள்: கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும், ஓரங்களில் எண்ணெய் பிரிய வேண்டும்.

7. வெல்லம் போட்டு 2 நிமிடத்தில் இறக்குங்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறினால் பூண்டில் புளி இறங்கியிருக்கும். சூடான சோறும் சுட்ட அப்பளமும் போதும்.