சாவி உங்களிடமே இருக்கட்டும்

சிங்கப்பூர்,
9.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததை எதிர்வீட்டு அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ராத்திரிகூட மோர்தானா அணையைப் பற்றி அரைமணி நேரம் பேசினீர்கள். கால் வீங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சண்டை போட இதை எழுதவில்லை. எங்களோடு வந்து இருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேத்தியைக் கூப்பிடச் சொல்கிறீர்கள்.

உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும். தாத்தாவைப் பேர்ணாம்பட்டிலிருந்து கூட்டிவந்தபோது எனக்குப் பத்து வயது. மூன்றாம் மாதமே அவர் வீட்டை வாடகைக்கு விட்டோம், கட்டிலை யாருக்கோ கொடுத்தோம். அதற்கப்புறம் டீக்கடைக்குப் போகக்கூட அவர் உங்களிடம் கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, நீங்கள் தலையாட்டும்வரை வாசற்படியில் நிற்பார். அம்மா போன பிறகு ஒருநாள் நீங்களே சொன்னீர்கள்: "அவரை அப்படி நிக்க வெச்சிருக்கக் கூடாதுடா."

அதனால் குடியாத்தம் வீட்டை யாருக்கும் விடவேண்டாம். பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்குத் தண்ணீர் விட அத்தையிடம் இன்னொரு சாவி இருக்கட்டும். பென்ஷன் உங்கள் கணக்கிலேயே இருக்கும், நான் அதைத் தொடமாட்டேன். (பேத்திக்கு நீங்கள் செலவழிப்பதை மட்டும் யாராலும் தடுக்க முடியாது.) பென்ஷன் நேர்காணல் மாதத்திலும், வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்கும் நீங்கள் ஊரில்தான் இருப்பீர்கள். சென்னையிலிருந்து இங்கே வர நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நம் ஊரிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போவதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும்.

என்னைப்போல் வேலை அனுமதியில் இருப்பவர்கள் பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ள இங்கே மாதம் 12,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் வேண்டும். போன மாதம்தான் எனக்கு அந்த அளவைத் தொட்டது.

உங்களுக்கென்று தனி அறை, உள்ளே தாழ்ப்பாளோடு. வீட்டுச் சாவி ஒன்று உங்கள் பையில். காலையில் தமிழ் முரசு வாங்கப் போவதும், தேக்கா மார்க்கெட்டில் தமிழிலேயே பேரம் பேசிக் கத்தரிக்காய் பொறுக்குவதும் உங்கள் இஷ்டம். எங்கே போகிறீர்கள் என்று கேட்கமாட்டோம். "மாமா வத்தக்குழம்பு வைக்கட்டும், நான் அடுப்பை விட்டுக் கொடுத்துடறேன்" என்கிறாள் உங்கள் மருமகள். அவளுக்கும் அதில் சுயநலம் உண்டு, அவள் வைத்தால் புளி தூக்கலாகிவிடுகிறது.

ஆனியில் வந்து கார்த்திகைவரை இருந்து பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் சொல்லுங்கள், காரணம் கேட்காமல் டிக்கெட் எடுக்கிறேன். வரவே முடியாது என்றாலும் சரி. ஆனால் கிணற்றடித் தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். கொத்தனாரிடம் நான் இன்னும் பேசவில்லை. நீங்களே இந்த வாரம் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்,
செந்தில்